அழுத்தினால் விரியும் வளையம்

காரின் ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் எதைப் பார்த்தாலும் அதன் நுனியில் ஒரு கிளிப் இருக்கும். பழைய வண்டிகளில் அது ஸ்க்ரூ கிளிப். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து இடப்பக்கம் திருகினால் தளர்ந்துவிடும். இப்போது பெரும்பாலான கார்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஸ்பிரிங் கிளிப்போடுதான் வருகின்றன. ஸ்பிரிங் எஃகுப் பட்டையை வளையமாக வளைத்து, இரு முனைகளையும் வெளிப்புறமாக மடித்துவிட்டிருப்பார்கள். நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு மடிப்புகளைத்தான் காது என்கிறோம். காதுகள் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றாக அழுத்தினால் வளையம் விரியும், விட்டால் சுருங்கி ஹோஸைப் பிடித்துக்கொள்ளும்.

அழுத்தினால் வளையம் ஏன் விரிகிறது? பட்டையின் ஒரு முனை குறுகலாக இருக்கும். மறுமுனையில் ஒரு சாளரம் வெட்டப்பட்டிருக்கும். குறுகிய முனை அந்தச் சாளரத்துக்குள் நுழைந்து, மறுமுனையைத் தாண்டிப் போய் நிற்கிறது. எவ்வளவு தாண்டியிருக்கிறதோ அவ்வளவு நீளம் வளையத்தின் சுற்றளவில் சேராமல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. காதுகளை நெருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த அந்த நீளம் சுற்றளவுக்குத் திரும்புகிறது. எனவே காதுகள் எத்தனை மில்லிமீட்டர் நெருங்குகின்றனவோ, சுற்றளவு அத்தனை மில்லிமீட்டர் கூடும். விட்டம் கூடுவது அதில் π-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த மூன்றில் ஒரு பங்குக் கணக்குதான் இந்த வேலையின் பாதிச் சிக்கலுக்குக் காரணம். ஹோஸ் செருகப்பட்டிருக்கும் உலோகக் குழாயின் நுனிக்கு அருகே ஒரு மேடான வரம்பு ஓடும். ஹோஸ் அந்த வரம்பின் மேல் ஏறி, அதைத் தாண்டி உள்ளே போயிருக்கும். கிளிப் உட்கார்ந்திருப்பது வரம்புக்கு அந்தப் பக்கம். கழற்றும்போது கிளிப் அந்த வீக்கத்தின் மேல் ஏறி இறங்கித்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். அதற்கு விட்டம் 3 மில்லிமீட்டர் கூட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், காதுகள் 9.4 மில்லிமீட்டர் நெருங்கியாக வேண்டும். 6 மில்லிமீட்டர் மட்டும் நெருக்கினால் விட்டம் 2 மில்லிமீட்டர்கூட ஏறியிருக்காது. அப்போது கிளிப் ஹோஸின் மேல் தாராளமாகச் சுற்றும், ஆனால் வெளியே நகராது. துருப்பிடித்து மாட்டிக்கொண்டது என்று பலர் நினைத்துச் சுத்தியலை எடுப்பது இந்தக் கட்டத்தில்தான். கிளிப் சுற்றுகிறது, ஆனால் நகரவில்லை என்றால் காது இன்னும் போதிய அளவு நெருங்கவில்லை என்றே பொருள். இரண்டு காதுகளும் ஏறக்குறைய முட்டும் வரை அழுத்த வேண்டும்.

கைக்கு எட்டும் இடத்தில் இது ஒரு நிமிட வேலை. எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவே, கைகூட நுழையாத இடுக்கில் இருக்கும்போதுதான் கதை வேறாகிறது. பெட்ரோல் ஹாட்ச்பேக் ஒன்றின் ஹீட்டர் ஹோஸையே எடுத்துக்கொள்வோம். குறுக்காக வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சின். அதன் முதுகுப்புறம், ஃபயர்வாலிலிருந்து இரண்டு குழாய்கள் எஞ்சினை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஹோஸ், ஒவ்வொரு ஹோஸிலும் ஒரு கிளிப். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்றாலும், பல கார்களில் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் சூடான கூலன்ட் இந்த ஹோஸ்கள் வழியாகச் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் ரப்பர் இங்கேயும் வயதாகிறது, கசிகிறது, மாற்ற வேண்டி வருகிறது.

கருவியைத் தொடுவதற்கு முன் மூன்று காரியங்கள். முதலாவது, எஞ்சின் முழுக்க ஆற வேண்டும். ரேடியேட்டர் மூடி அமைப்புக்குள் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சூடான நிலையில் ஹோஸைப் பிரித்தால் அழுத்தம் சட்டென்று இறங்கி, கூலன்ட் அந்தக் கணமே கொதித்துச் சீறும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ஹோஸின் மட்டத்துக்குக் கீழே வரும் வரை கூலன்ட்டை ஒரு தட்டில் வடித்து எடுங்கள். அது இனிப்பாக இருக்கும், நச்சுத்தன்மை உள்ளது. நாயும் பூனையும் நக்கிவிடாதபடி உடனே மூடி வைக்க வேண்டும். இரண்டாவது, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் நீளமான எஃகுக் கம்பியை விட்டுத் துழாவப்போகிறோம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் தடித்த முனையில் சாவி எடுத்த பிறகும் மின்சாரம் இருக்கும். கம்பி அதையும் எஞ்சினையும் சேர்த்துத் தொட்டால் வெல்டிங் போலப் பொறி பறக்கும். மூன்றாவது, சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து, அல்லது கைப்பேசிக் கேமராவை இறக்கி, காதுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கருவி என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசிக் காரியம்தான்.

கிளிப்பை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் பேசுவது எளிது. ஹீட்டர் குழாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் கிளிப்பின் வட்டம் ஃபயர்வாலுக்கு இணையாக, நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. நம் கருவியோ பானெட்டைத் திறந்து மேலிருந்துதான் இறங்குகிறது. காதுகள் 12 மணியில் இருந்தால், மேலிருந்து பார்க்கும்போது ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். பிளையரின் இரு தாடைகளும் இரண்டையும் இருபுறமும் கவ்விக்கொள்ளும். காதுகள் 3 மணியில் இருந்தால் ஒன்று மேலே, மற்றது அதற்கு நேர் கீழே. மேலிருந்து இறங்கும் நேரான பிளையருக்கு அங்கே வேலையே இல்லை. அதன் தாடைகள் இடவலமாக மூடுகின்றன, கிளிப்புக்கோ மேல்கீழாக அழுத்த வேண்டியிருக்கிறது. 6 மணியில் இருந்தால் ஹோஸே நடுவில் மறைத்து நிற்கும்.

எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளையரானாலும் இந்தத் திசைப் பொருத்தம் இல்லாவிட்டால் வழுக்கத்தான் செய்யும். இந்த வேலையில் தோற்பவர்கள் பெரும்பாலும் கை வலுவில்லாமல் தோற்பதில்லை, தவறான திசையில் அழுத்தித்தான் தோற்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

காதுகள் மேற்பக்கத்தில், அதாவது 11 முதல் 1 மணிக்குள் இருக்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். நீள மூக்குப் பிளையர் எட்டும். ஆனால் எட்டுவதற்கு அது ஒரு விலை கேட்கிறது. காதுகளை முழுவதும் நெருக்க 200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடைக்கு ஈடான விசை தேவைப்படுகிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பிளையரில் அச்சாணியிலிருந்து தாடை நுனி 4 சென்டிமீட்டர், கை பிடிக்கும் இடம் 12 சென்டிமீட்டர் என்றால் விசை மூன்று மடங்காகப் பெருகும். கை கொடுக்க வேண்டியது 7 கிலோவுக்கும் குறைவு. நீள மூக்கில் தாடை 10 சென்டிமீட்டர், பிடி 15 சென்டிமீட்டர் என்றால் பெருக்கம் ஒன்றரை மடங்குதான். கை 13 கிலோவுக்கு மேல் கொடுத்தாக வேண்டும். அதையும் மணிக்கட்டு மடங்கிய நிலையில், இன்னொரு கையின் துணையில்லாமல் கொடுக்க வேண்டும். இதோடு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. மூக்கு நீளமாகவும் மெலிதாகவும் இருப்பதால் அழுத்தும்போது நுனிகள் ஒன்றையொன்று விட்டு விலகி முறுக்கிக்கொள்ளும். தாடைகள் V வடிவில் திறந்திருப்பதால் காதின் முழு முகத்தையும் தொடாமல் ஓர் ஓரத்தை மட்டுமே தொடும். காது மெல்ல நழுவி, கடைசி 2 மில்லிமீட்டர் இருக்கும்போது எகிறிவிடும்.

நழுவலைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. தாடைகளின் உள்முகத்தில், நுனியிலிருந்து சற்று உள்ளே, அரத்தால் குறுக்காக ஒரு சிறு பள்ளம் போட்டால் காதின் விளிம்பு அதில் உட்கார்ந்துகொள்ளும். கிளிப்புக்கென்றே விற்கும் பிளையர்களில் தாடை நுனியில் சுழலும் வட்டத் துண்டுகள் இருக்கும், அவற்றில் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். காதின் சாய்வு மாற மாற அந்தத் துண்டும் கூடவே திரும்பும். மூக்கு 45 டிகிரி வளைந்த பிளையராக இருந்தால் 1 மணி, 2 மணி நிலைகளையும் சமாளிக்கலாம்.

இனி நம் ஹாட்ச்பேக்குக்கு வருவோம். கீழ் ஹோஸின் கிளிப்பில் காதுகள் 4 மணியில் இருக்கின்றன. ஒன்று மூன்றரையில், மற்றது நாலரையில். எந்தப் பிளையரும் மேலிருந்து கவ்வாது. இங்கேதான் கொக்கிக் கம்பி வருகிறது. முதல் வேலை கிளிப்பைத் தளர்த்துவது கூட இல்லை, அதைச் சுற்றிக் காதுகளை மேலே கொண்டுவருவது.

இறுகிப் பிடித்திருக்கும் கிளிப்பை எப்படிச் சுற்ற முடியும்? எந்தக் காதை, எந்தப் பக்கமிருந்து தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. படகை முளையில் கட்டும்போது கயிற்றை ஒரு சுற்று சுற்றிவிட்டால், மறுமுனையைச் சற்றே பிடித்திருந்தாலும் படகு நகராது. சுற்றிய பொருளின் ஒரு முனையை இழுக்க இழுக்க அது இன்னும் இறுகி, உராய்வு பன்மடங்காகப் பெருகுகிறது. 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். உராய்வுக் கெழு 0.5 என்றால் ஒரே சுற்றில் 23 மடங்கு. கிளிப்பின் ஒரு காதை மற்றதிலிருந்து விலகும் திசையில் இழுத்தால் இதுதான் நடக்கும். வளையம் சுருங்கி ஹோஸை இன்னும் கவ்வும், எவ்வளவு இழுத்தாலும் அசையாது. அதே காதை வெளிப்புறமிருந்து மற்றக் காதை நோக்கித் தள்ளினால், அழுத்தும்போது நடப்பதைப் போலவே வளையம் சற்று விரிகிறது, பிடி தளர்கிறது, கிளிப் அந்தத் திசையில் சுற்றத் தொடங்குகிறது. ஆக, கொக்கி எப்போதும் காதின் வெளிமுகத்தில் விழ வேண்டும், இரண்டு காதுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் விழக் கூடாது.

நம் கிளிப்பில் அது தற்செயலாக நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. நாலரை மணியில் இருக்கும் கீழ்க் காதின் அடிப்பக்கத்தில் கொக்கியை மாட்டி மேலே இழுத்தால், அது மேல் காதை நோக்கியே வருகிறது. வளையம் தளர்ந்து 4 மணியிலிருந்து 3, 2 என்று ஏறுகிறது. 1 மணிக்கு வந்ததும் வளைந்த மூக்குப் பிளையர் கவ்விவிடும். முதலில் அசைய மறுத்தால் ரப்பர் எஃகோடு ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் சோப்புத் தண்ணீரை விட்டு, விட்டு விட்டு இழுங்கள். எண்ணெய் விடாதீர்கள். கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை. அது வெந்நீரையும் கூலன்ட்டையும் தாங்கும், ஆனால் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

கொக்கியை எந்தக் கம்பியில் செய்வது என்பதில் கவனம் வேண்டும். 20 கிலோ இழுவைக்குக் கம்பி அறுந்துபோகாது, மெல்லிய கம்பிகூட அதைத் தாங்கும். ஆனால் கொக்கியின் வளைவு நிமிர்ந்துவிடும். இழுவை கம்பியின் நடுக்கோட்டில் இல்லாமல், 5 மில்லிமீட்டர் தள்ளிக் காதில் விழுவதால் அது வளைக்கும் விசையாகிறது. வளைப்பைத் தாங்கும் வலு கம்பி விட்டத்தின் மும்மடியாகக் கூடும். 2 மில்லிமீட்டரை 4 ஆக்கினால் வலு எட்டு மடங்கு. நான் சொன்ன 200 நியூட்டனில் சாதாரண இரும்புக் கம்பி 3 மில்லிமீட்டர் தடிமனில் திறந்துகொள்ளும், 4 மில்லிமீட்டரில் தாக்குப்பிடிக்கும். அரையடி கூடுதலாக நீளம் வைப்பதில் வலு குறையாது, கொக்கியின் வாயை அகலமாக வைத்தால்தான் குறையும். ஆகவே வாய் காதின் தடிமனுக்குச் சற்று மேல் இருந்தால் போதும். மறுமுனையில் கை பிடிக்க T வடிவில் ஒரு குறுக்குக் கம்பி.

சில வண்டிகளில் 1 மணிக்குக் கொண்டுவரவும் வழி இருக்காது. பக்கத்தில் ஒரு குழாயோ ஒயர் கட்டோ காதுகளைத் தடுத்து நிற்கும். அப்போது 3 மணியிலேயே கொக்கியால் அழுத்தி முடிக்க வேண்டும். கீழ்க் காதைக் கொக்கி மேலே இழுக்கிறது, மேல் காதை ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் கீழே தள்ளுகிறது. மேலிருந்து நேராக இறங்கும் இரண்டு கருவிகள், எதிரெதிர் திசையில் விசை. பிளையரால் முடியாத மேல்கீழ் அழுத்தம் இப்படிக் கிடைத்துவிடுகிறது. ஆனால் இரண்டு கைகளும் போய்விடும், கிளிப்பை நகர்த்த மூன்றாவது கை தேவை.

இதைத் தீர்ப்பது ஒரு குழாய். சுமார் 10 மில்லிமீட்டர் எஃகுக் குழாய் ஒன்றை எடுத்து, அதற்குள் 5 மில்லிமீட்டர் கம்பியை விடுங்கள். கம்பியின் கீழ் முனை கொக்கி, மேல் முனையில் மரை போட்டு ஒரு சிறகு நட்டு, நட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு வாஷர். குழாயின் கீழ் விளிம்பு மேல் காதின் முதுகில் உட்காரும். கம்பி அந்தக் காதின் ஓரமாக இறங்கிக் கீழ்க் காதைப் பிடிக்கும். நட்டைத் திருகத் திருகக் கம்பி ஏறும், குழாய் தள்ளும், காதுகள் நெருங்கும். 5 மில்லிமீட்டர் மரையில் ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர். நமக்கு வேண்டிய 9.4 மில்லிமீட்டருக்கு 12 சுற்றுதான். கையை எடுத்தாலும் மரை பின்வாங்காது. கிளிப் விரிந்தபடியே நிற்கும், அதே குழாயைப் பிடித்து அதை வரம்புக்கு மேல் நகர்த்தலாம்.

சைக்கிள் பிரேக் கேபிளிலும் இதே தத்துவம்தான். உள்ளே கம்பி இழுக்கிறது, வெளியே உறை அதே அளவு தள்ளுகிறது. 1896இல் எர்னஸ்ட் மானிங்டன் போடன் இதற்குக் காப்புரிமை பெற்றார். கேபிள் வைத்த நீளக் கிளிப் பிளையர்கள் கடைகளில் கிடைக்கின்றன. கைப்பிடி ஒரு பக்கம், தாடை அரை மீட்டருக்கு அப்பால், நடுவில் வளையும் கேபிள். கைப்பிடியில் பூட்டும் பற்கள் இருக்கும். நேராகக் கம்பி விட வழியில்லாத மூலைகளுக்கு அதுவே சரி. வாங்குவதென்றால் பூட்டு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பூட்டில்லாத கேபிள் பிளையர் அழுத்தவும் வேண்டும், நகர்த்தவும் வேண்டும் என்ற பழைய சிக்கலிலேயே கொண்டுபோய் விடும்.

பிளையரிலேயே வேலை நடந்தால், காதுகள் முட்டிய நிலையில் இரண்டையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் ஒரு சுற்று முறுக்கிவிடலாம். புதிய கிளிப்புகள் சிலவற்றைத் தொழிற்சாலையே இப்படி ஒரு கொக்கியால் விரித்துப் பூட்டி அனுப்புகிறது. ஆனால் விரித்துப் பூட்டிய கிளிப்பை ஹோஸிலிருந்து முழுக்கக் கழற்றிக் கையில் எடுக்கும்போது கவனம் தேவை. அழுத்தியபோது அதில் தேங்கிய ஆற்றல் ஏறக்குறைய 1 ஜூல். கிளிப்பின் எடை 10 கிராம் என்றால், பூட்டு நழுவி அத்தனை ஆற்றலும் ஓட்டமாக மாறினால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். முகம் பானெட்டுக்குள் குனிந்திருக்கிறது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கிளிப் வந்த பிறகும் ஹோஸ் வராது, பல வருடம் உலோகத்தோடு ஒட்டியிருக்கும். ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புவது பெரிய ஆபத்து. ஃபயர்வாலில் தெரியும் குழாய் உள்ளே ஹீட்டர் கோரோடு சேர்ந்தது, அது மெல்லிய உலோகம். குழாய் நெளிந்தால் டேஷ்போர்டையே பிரிக்க வேண்டி வரும். ஹோஸை இடமும் வலமும் முறுக்கி ஒட்டலை விடுவிக்க வேண்டும். எப்படியும் மாற்றப்போகிற ஹோஸ் என்றால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்துவிடுங்கள், குழாயில் கீறல் விழாமல்.

திரும்ப மாட்டும்போது பல மெக்கானிக்குகள், இந்தத் தொல்லை மறுபடியும் வேண்டாம் என்று ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்க்ரூ கிளிப்பைப் போடுகிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. ரப்பர் சூட்டில் எஃகைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விரிகிறது. ஸ்க்ரூ கிளிப் அசையாது, எனவே சூட்டில் விரியும் ரப்பர் அதற்கடியில் நசுங்கி, நாளடைவில் நிரந்தரமாக மெலிந்துவிடுகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்து ரப்பர் சுருங்கும்போது கிளிப் கூடவே சுருங்காது, கூலன்ட் சொட்டும். எஞ்சின் சூடானதும் சொட்டு நிற்கும், அதனால் பட்டறையில் யாருக்கும் அது கண்ணில் படாது. ஸ்பிரிங் கிளிப் ரப்பரோடு சேர்ந்து விரிந்து சுருங்குகிறது, மெலிந்த ரப்பரையும் விடாமல் பிடிக்கிறது. விடுவிக்கக் கடினமாக இருப்பதற்குக் காரணமான அதே இறுக்கம்தான் இந்தக் காவலையும் தருகிறது.

பழைய கிளிப்பில் வெடிப்போ ஆழமான துருவோ இருந்தால் அதே அளவில் புதிது வாங்குங்கள். இல்லையென்றால் அதையே போடுங்கள். ஹோஸும் பழையதென்றால், ரப்பரில் பதிந்திருக்கும் பழைய தடத்திலேயே கிளிப் உட்கார வேண்டும். ஹோஸ் புதிது என்றால் காதுகளை 12 மணியில், மேலே பார்த்தபடி, பக்கத்து ஹோஸில் உரசாமல் வையுங்கள். அடுத்த முறை சாதாரண நீள மூக்குப் பிளையரே போதுமானதாக இருக்கும். வேலை முடிந்த மறுநாள் காலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அந்த இணைப்பை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.